சோபாவுக்கு மேலே வெறும் சுவர்: படத்தை மாட்டி எடுப்பதா, எடுத்த பிறகு வைப்பதா?

மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் ஆன்லைனில் மரச்சாமான் விற்கத் தொடங்கியிருப்பவர்கள் பலர் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். சோபா நன்றாகச் செய்தாயிற்று, போட்டோவும் தெளிவாக வந்தாயிற்று. ஆனால் சோபாவுக்கு மேலே பாதிப் படம் முழுக்க வெறும் சுவர். அறை ஆள் குடியேறாத வீடுபோல இருக்கிறது. அங்கே பிரேம் போட்ட ஒரு படம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று எல்லோருக்கும் தோன்றுகிறது. நிஜமாகவே ஒன்றை மாட்டிவிட்டுத் திரும்ப எடுப்பதா, எடுத்த போட்டோவிலேயே கணினியில் வைப்பதா என்பதில்தான் குழப்பம்.

இதை வெறும் அலங்கார விஷயமாகப் பார்த்தால் எந்த வழியும் சரிதான் என்று தோன்றும். ஆனால் வாங்குபவரின் கண்ணுக்கு அந்தப் பிரேம் ஓர் அளவுகோல். போட்டோவில் சோபாவின் நீளத்தை யாரும் டேப் வைத்துப் பார்ப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் கதவு, ஜன்னல், படம் ஆகியவற்றோடு ஒப்பிட்டுத்தான் மனதில் ஓர் அளவு பதிகிறது. பிரேமைத் தவறான அளவில் வைத்தால் ஆறடி சோபா ஐந்தடியாகவோ ஏழடியாகவோ தெரியும். பொருள் வீட்டுக்குப் போன பிறகு "படத்துல பெருசா தெரிஞ்சுதே" என்று போன் வரும். அதனால் எந்த வழியில் அளவு பிசகாது என்பதே என் முதல் கேள்வி.

## எதை வைத்து ஒப்பிடுகிறேன்

முதலாவது, சொன்னபடி, அளவும் கோணமும். இரண்டாவது வெளிச்சம். பிரேமின் நிழலும் அதிலுள்ள வெள்ளையும் அந்த அறையின் வெளிச்சத்தோடு ஒத்துப்போக வேண்டும். போட்டோ "ஒட்டினது" என்று ஒரு நொடியில் தெரிந்துவிடுவது பெரும்பாலும் இங்கேதான். மூன்றாவது, படத்தை மாற்றும் வசதி. ஒரே சோபாவுக்கு நான்கு துணி நிறம் இருந்தால் நான்குக்கும் ஒரே படம் பொருந்தாது. நான்காவது நேரமும் செலவும். கண்ணுக்குத் தெரியாத செலவுகளையும் இதில் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

இனி நான்கு வழிகள். எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். அயனி மரச் சட்டத்தில் செய்த மூன்று பேர் உட்காரும் சோபா. அகலம் 6 அடி, சாய்மானத்தின் உயரம் தரையிலிருந்து 34 அங்குலம்.

இந்தச் சோபாவுக்கு எவ்வளவு பெரிய படம் வேண்டும்? சோபா அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து நான்கில் மூன்று பங்கு வரை என்பது வீட்டு அலங்காரத்தில் எல்லோரும் பின்பற்றும் கணக்கு. அதாவது 4 அடியிலிருந்து 4½ அடி. சாய்மானத்துக்கும் பிரேமின் அடி விளிம்புக்கும் இடையில் 6 முதல் 8 அங்குலம் இடைவெளி விடுவார்கள். 4 அடி அகலம், 2½ அடி உயரமுள்ள பிரேமை 7 அங்குல இடைவெளியில் வைத்தால் அடி விளிம்பு 41 அங்குலத்தில் வரும், நடுப்பகுதி 56 அங்குலத்தில் வரும். படத்தின் நடு தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்தில் இருந்தால் நிற்பவரின் கண்ணுக்கு நேராக இருக்கும் என்பார்கள். அதற்கு ஓர் அங்குலம்தான் குறைவு. எந்த வழியில் செய்தாலும் இந்த அளவுகளை ஒரு தாளில் முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

## வழி 1: நிஜப் படத்தை மாட்டி எடுப்பது

அளவு, கோணம், நிழல் மூன்றும் தானாகவே சரியாக வந்துவிடும். எதையும் கணக்குப் போட வேண்டியதில்லை. கணினி வேலை தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாத கடைக்கு இது பெரிய நிம்மதி.

தொல்லை தருவது கண்ணாடி. சோபாவுக்கு நேர் எதிரே கேமராவை வைத்து எடுக்கும்போது எதிர்ப்பக்க ஜன்னலும் கேமரா ஸ்டாண்டும் எடுப்பவரும் படத்தின் கண்ணாடியில் தெரிவார்கள். லென்ஸின் முன்னால் மாட்டும் போலரைசர் என்ற வடிகட்டியை வாங்கினால் போய்விடும் என்று கடையில் சொல்வார்கள். கண்ணாடியைச் சாய்வான கோணத்திலிருந்து பார்க்கும்போதுதான் போலரைசர் பிரதிபலிப்பை நன்றாகக் குறைக்கும். நேருக்கு நேர் எடுத்தால் அதனால் பயன் இல்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாட்டுவதுதான் சரியான தீர்வு. போட்டோவில் கண்ணாடி இல்லை என்று யாருக்கும் தெரியாது.

கழற்றினால் அடுத்த சிக்கல் நம் ஊர்க் காற்று. ஜூனிலும் ஒரு மழை, அக்டோபரிலும் ஒரு மழை என்று இரண்டு பருவமும் நமக்கு உண்டு. கண்ணாடி இல்லாத தாள் பிரிண்ட் ஈரத்தை உறிஞ்சி அலை அலையாக எழும்பிவிடும். பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சத்தில் அந்த அலை ஒவ்வொன்றும் கோடாகத் தெரியும். தாளுக்குப் பதில் வினைல் பிரிண்ட்டைச் சன்போர்டில் ஒட்டி வாங்கினால் நெளியாது. பளபளப்பு இல்லாத மேட் லேமினேஷன் கேளுங்கள்.

மறைந்திருக்கும் செலவுகளில் ஒன்று சுவர். ஒவ்வொரு சோபாவின் உயரத்துக்கும் படத்தை ஏற்றி இறக்க வேண்டியிருப்பதால் ஓட்டைகள் பெருகும். வாடகைக் கட்டடம் என்றால் சொல்லவே வேண்டாம். மரவேலைப் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. 8×4 பிளைவுட் இரண்டை நிற்கவைத்து இணைத்து, இணைப்பில் புட்டி பூசி, மேட் எமல்ஷன் அடித்து ஒரு போலிச் சுவர் செய்துகொள்வது. அதில் எத்தனை ஆணி வேண்டுமானாலும் அடிக்கலாம், வெளிச்சம் வரும் பக்கம் நகர்த்தியும் வைக்கலாம். இன்னொரு செலவு, படத்தை மாற்ற முடியாதது. ஆறு மாதம் கழித்து அந்தப் படம் பழசாகத் தோன்றினால் சோபாவையும் சேர்த்துத் திரும்ப எடுக்க வேண்டும். அதற்குள் சோபா விற்றுப் போயிருக்கும்.

கடையில் சாமான்கள் குறைவாகவும் ஒரே மாதிரி சுவராகவும் இருந்தால், படத்தையும் சேர்த்தே விற்பதாக இருந்தால் இந்த வழியை விட்டு வேறெதுவும் தேட வேண்டாம்.

## வழி 2: வெள்ளை அட்டை வைத்த பிரேமை மாட்டி எடுத்து, உள்ளே படத்தை மட்டும் மாற்றுவது

என்னைக் கேட்டால் இனிமேல் எடுக்கப்போகும் போட்டோக்களுக்கு இதுதான் முதல் தேர்வு. பிரேம் நிஜம், நிழல் நிஜம், அளவு நிஜம். உள்ளே இருக்கும் படம் மட்டும் கணினியில் வருகிறது.

பட்டறையில் மீந்த அயனி அல்லது தேக்குச் சட்டத்தில், ஒன்றரை அங்குல அகலமும் ஓர் அங்குலக் கனமும் வைத்து 4×2½ அடி பிரேம் ஒன்று செய்துகொள்ளுங்கள். கண்ணாடி வேண்டாம். உள்ளே பளபளப்பில்லாத வெள்ளைச் சன்போர்டு. அதை நிஜப் படத்தைப்போலவே மாட்டி எடுக்க வேண்டும்.

எடுக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான். வெள்ளை அட்டை போட்டோவில் வெந்து போகக் கூடாது. ஒளி அளவில் 255 என்பது முழு வெள்ளை. அட்டை அதைத் தொட்டுவிட்டால் அதன்மேல் விழுந்த வெளிச்ச வித்தியாசம் முழுவதும் அழிந்துவிடும். 220-லிருந்து 235-க்குள் நிற்கும்படி போட்டோவைச் சற்று இருட்டாக எடுங்கள். போனில் அட்டையைத் தொட்டு, வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் போதும்.

இப்போது கணினியில், அட்டையின் நான்கு உள் மூலைகளுக்குப் படத்தின் நான்கு மூலைகளைப் பொருத்த வேண்டும். போட்டோஷாப்பிலும் போட்டோபீயிலும் `Distort`, கிம்பில் `Perspective`. பொருத்திய பிறகு அந்த லேயரின் கலப்பு முறையை `Multiply` என்று மாற்றுங்கள். கீழே இருக்கும் அட்டையின் ஒளியும் நிழலும் படத்தின்மேல் அப்படியே வந்துவிடும். ஜன்னல் பக்கம் கொஞ்சம் வெளிச்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் மங்கல், சட்டத்தின் உள் ஓரம் போடும் மெல்லிய நிழல் எல்லாம் வரும். படம் சற்று மங்கியதுபோல் தோன்றினால் பயப்பட வேண்டாம். அந்த அறையில் வெள்ளைத் தாள் எவ்வளவு வெள்ளையாகத் தெரியுமோ அவ்வளவுதான் படத்தின் வெள்ளையும் தெரிய வேண்டும்.

மறைந்த செலவு என்று பார்த்தால், பிரேமின் வடிவம் மாறாது. நெடுக்குப் படம் வேண்டுமென்றால் பிரேமைத் திருப்பி மாட்டி இன்னொரு போட்டோ எடுத்துவைக்க வேண்டும். கேமரா ஸ்டாண்டை அசைக்காமல் வெறும் சுவர், குறுக்குப் பிரேம், நெடுக்குப் பிரேம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் எடுத்துவிடுவது நல்லது. அப்புறம் எப்போது கேட்டாலும் கையில் இருக்கும்.

பிரேமை மேலே கம்பி கட்டித் தொங்கவிட்டால் மேல் விளிம்பு சுவரிலிருந்து கொஞ்சம் முன்னால் சாயும், அடி விளிம்பு சுவரை ஒட்டும். நம் வீடுகளில் படங்கள் பெரும்பாலும் அப்படித்தான் தொங்குகின்றன. மேலே தடித்த நிழலும் கீழே மெல்லிய நிழலும் அதனால் வருவது. அதைக் குறையாக நினைத்து நிமிர்த்த வேண்டாம். பார்ப்பவரின் கண்ணுக்கு அது பழகிய காட்சி.

## வழி 3: வெறும் சுவர் போட்டோவில் பிரேமையும் சேர்த்துக் கணினியில் வைப்பது

சோபா விற்றுப் போய்விட்டது, போட்டோ மட்டும்தான் இருக்கிறது என்றால் இதைத் தவிர வழியில்லை. நன்றாகச் செய்யலாம். ஆனால் முதல் இரண்டு வழிகளில் அறையே செய்து கொடுத்த வேலை எல்லாவற்றையும் இங்கே நீங்கள் செய்ய வேண்டும். மூன்று இடங்களில் சறுக்கும்.

அளவு. நம் உதாரணத்தில் சோபாவின் முன்விளிம்பு போட்டோவில் 1800 பிக்ஸல் அகலம் என்று வைத்துக்கொள்வோம். 6 அடிக்கு 1800 என்றால் அடிக்கு 300. அப்படியென்றால் 4 அடி பிரேமுக்கு 1200 பிக்ஸல் என்று பலர் வைத்துவிடுகிறார்கள். இது தவறு. சோபாவின் முன்விளிம்பு கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, சுவர் தள்ளி இருக்கிறது. தள்ளி இருப்பது சிறியதாகத் தெரியும். கேமராவிலிருந்து சுவர் 12 அடி, சோபாவின் முன்விளிம்பு 9 அடி என்றால் கணக்கு இதுதான்:

```
300 × 9 / 12 = 225
225 × 4 = 900
```

சுவரில் அடிக்கு 225 பிக்ஸல், பிரேமின் அகலம் 900 பிக்ஸல். 1200 வைத்திருந்தால் அது சுவரில் 5 அடி 4 அங்குலப் பிரேம் ஆகிவிடும். பார்ப்பவர் அதை வழக்கமான நாலடிப் படம் என்று எடுத்துக்கொள்வார். உடனே சோபா அவர் மனதில் சுருங்கிவிடும். உங்கள் பொருளை நீங்களே சின்னதாகக் காட்டியதாக ஆகும். பிரேமைத் தேவைக்குக் குறைவாக வைத்தால் இதற்கு நேர்மாறு. சோபா பெரிதாகத் தெரியும், பொருள் திரும்பி வரும்.

கேமரா எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று நினைவில்லையா? சரி, அந்தச் சுவரிலேயே அளவு தெரிந்த ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். சுவரோடு ஒட்டிய கதவு நிலை, தரையோரம் பதித்த டைல்ஸ் பட்டை, சுவிட்ச் போர்டு. கடைக்குப் போய் அதை டேப் வைத்து அளந்தால் அடிக்கு எத்தனை பிக்ஸல் என்பது கிடைத்துவிடும். சுவரில் இருப்பதை வைத்து அளந்தால் தூரக் கணக்கே வேண்டாம். அதனால் தூரம் தெரிந்தாலும் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்.

கோணம். நேருக்கு நேர் எடுத்த போட்டோ என்றால் பிரேம் வெறும் செவ்வகம்தான், சிரமம் இல்லை. பக்கவாட்டிலிருந்து எடுத்திருந்தால் சுவரின் மேல்கோடும் தரையோரக் கோடும் தூரம் போகப் போக ஒன்றை ஒன்று நெருங்கும். அந்த இரண்டு கோடுகளின்மேலும் கணினியில் கோடு இழுத்து நீட்டினால் எங்கேயோ ஒரு புள்ளியில் சேரும், பல நேரம் போட்டோவுக்கு வெளியே. பிரேமின் மேல் விளிம்பும் அடி விளிம்பும் அதே புள்ளியை நோக்கிப் போக வேண்டும்.

இங்கே அதிகம் நடக்கும் பிழை, இரண்டு விளிம்புகளையும் ஒரே பக்கமாகச் சாய்த்துவிடுவது. கேமராவின் உயரத்தில் உள்ள கோடு மட்டுமே போட்டோவில் மட்டமாகத் தெரியும். அதற்கு மேலே இருப்பவை தூரம் போகப் போக இறங்கும், கீழே இருப்பவை ஏறும். கேமரா 4 அடி உயரத்தில் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் பிரேமின் அடி விளிம்பு 3 அடி 5 அங்குலத்தில் இருக்கிறது, மேல் விளிம்பு 5 அடி 11 அங்குலத்தில். ஆக மேல் விளிம்பு இறங்க வேண்டும், அடி விளிம்பு லேசாக ஏற வேண்டும். இரண்டும் இறங்கினால் பிரேம் ஆணியில் சரிந்து தொங்குவதுபோல் இருக்கும். ஏதோ தவறு என்று மட்டும் தெரியும், எங்கே என்று பிடிபடாது. கோணத்தில் பார்க்கும்போது கேமரா நிற்கும் பக்கம் பிரேமின் ஓரக் கனமும் கொஞ்சம் தெரிய வேண்டும். அதை வரையாமல் விட்டால் சுவரில் ஒட்டிய போஸ்டர் ஆகிவிடும்.

போனின் 0.5x லென்ஸில் எடுத்த போட்டோவாக இருந்தால் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். ஓரங்களில் எல்லாப் பொருளும் இழுபட்டிருக்கும், சோபாவின் கைப்பிடி உட்பட. நீங்கள் வைக்கும் பிரேம் மட்டும் இழுபடாமல் நிற்கும்.

வெளிச்சம். முதலில் நிழலின் திசையைப் பாருங்கள். சுவிட்ச் போர்டு, கடிகாரம், திரைச்சீலைக் கம்பி எதுவானாலும் சுவரில் ஏற்கெனவே நிழல் போட்டிருக்கும். பிரேமின் நிழலும் அதே பக்கம், அதே அழுத்தத்தில் விழ வேண்டும். இடப்பக்க ஜன்னலிலிருந்து 45 பாகையில் வெளிச்சம் வந்தால், ஓர் அங்குலக் கனமுள்ள பிரேம் வலப்பக்கம் ஓர் அங்குல நிழல் போடும். அடிக்கு 225 என்றால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 19 பிக்ஸல். அவ்வளவுதான் நிழல். மென்பொருளில் கிடைக்கும் தயார் நிலை நிழலை 60, 70 பிக்ஸலுக்கு விரித்துவிட்டால் பிரேம் சுவரிலிருந்து மூன்று நான்கு அங்குலம் முன்னால் மிதக்கும்.

நிழலை இரண்டு லேயராகப் போடுவது நல்லது. பிரேம் சுவரைத் தொடும் விளிம்பில் இரண்டு மூன்று பிக்ஸலுக்கு ஓர் அழுத்தமான கோடு. அதற்கு வெளியே மெதுவாக மறையும் மெல்லிய நிழல். இரண்டுமே `Multiply`. கறுப்பை எடுக்காமல், சுவரின் நிறத்தையே எடுத்து இருட்டாக்கிப் பயன்படுத்துங்கள். மழைக்காலத்தில் மேகமூட்டமான நாளில் எடுத்த போட்டோவில் வெளி நிழல் அநேகமாக இருக்காது. அப்போது உள் கோட்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்தது வெள்ளை. படத்துக்கும் சட்டத்துக்கும் இடையில் வரும் வெள்ளை அட்டை ஓரமான மவுண்ட்டைச் சுத்த வெள்ளையாக விட்டால் அறைக்குள் ஓடும் டிவி போலத் தனியாக ஒளிரும். நம் பக்கத்து வீடுகளில் ஜன்னலுக்கு வெளியே தென்னையோ ரப்பரோ நிற்கும். அந்தப் பச்சை உள்ளே வரும் வெளிச்சத்தில் கலந்திருக்கும். வெள்ளைச் சுவரைக் கண் வெள்ளையாகவே பார்க்கும், கேமரா அப்படிப் பார்ப்பதில்லை. சுவரில் இருக்கும் வெள்ளைச் சுவிட்ச் போர்டைக் கலர் பிக்கரால் தொட்டுப் பாருங்கள். சிவப்பு 214, பச்சை 216, நீலம் 208 என்று வருகிறது என்றால் உங்கள் மவுண்ட்டின் வெள்ளையும் அதுதான். `Curves` திறந்து மூன்று நிறத்துக்கும் வெள்ளை முனையைத் தனித்தனியே அந்த அளவுக்கு இறக்கினால் முழுப் படமும் அறையின் நிறத்துக்கு வந்துவிடும். அதன்மேல், ஜன்னல் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் போகும்போது சுவர் எவ்வளவு மங்குகிறதோ அதே அளவுக்கு ஒரு `Gradient` போடுங்கள்.

கடைசியாகத் தெளிவு. சோபாவின் முன்பக்கத்துக்குப் போகஸ் வைத்திருந்தால் சுவர் கொஞ்சம் மங்கியிருக்கும். பிரேம் மட்டும் கத்தி முனைபோல் கூர்மையாக இருக்கக் கூடாது. ஒரு பிக்ஸல் அளவுக்கு `Gaussian Blur`, சுவரில் தெரியும் அளவுக்கு `Noise` என்ற பொடிப்புள்ளிகள். அது போதும்.

முடிந்ததும் போட்டோவை இடம் வலமாகப் புரட்டிப் பாருங்கள், பிறகு கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். புரட்டினால் கோணப் பிழை கண்ணில் படும். நிறத்தை எடுத்துவிட்டால் வெளிச்சப் பிழை கண்ணில் படும்.

மறைந்த செலவு இங்கே நேரம்தான். பழகிய கைக்கே நேர்ப் போட்டோவுக்கு அரை மணி நேரம், கோணப் போட்டோவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு போட்டோவுக்குச் செய்தது இன்னொரு போட்டோவுக்கு உதவாது. வேலையை வெளியே கொடுத்தால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனியாகப் பணம் கேட்கிறார்களா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

## வழி 4: அறையையே முப்பரிமாணத்தில் உருவாக்குவது

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள் இலவசம்தான். போட்டோவின் கோணத்தைப் பிடித்துக் கேமராவை அமைக்க `fSpy` என்ற இலவசக் கருவியும் உண்டு. நிழல், கோணம் எல்லாம் கணினியே கணக்கிட்டுத் தரும். ஆனால் ஒரு சுவர்ப் படத்துக்காக இதைக் கற்கச் சொல்ல மாட்டேன். சோபாவையே முப்பரிமாண மாதிரியாகச் செய்து, துணியும் மர நிறமும் மாற்றிக் காட்டும் கடைக்கு இது பொருந்தும். அவர்களுக்குச் சுவர்ப் படம் கூடுதல் வேலையே இல்லை.

## ஒரு பார்வையில்

| | நிஜப் படம் | வெள்ளை அட்டைப் பிரேம் | முழுதும் கணினியில் | முப்பரிமாணம் |
|---|---|---|---|---|
| அளவும் கோணமும் | தானாகச் சரி | தானாகச் சரி | கணக்குப் போட வேண்டும் | மாதிரி சரியென்றால் சரி |
| நிழலும் வெளிச்சமும் | நிஜம் | நிஜம் | கையால் செய்வது | நன்று, அமைக்க நேரம் ஆகும் |
| படத்தை மாற்றுவது | திரும்ப எடுக்க வேண்டும் | சில நிமிடம் | சில நிமிடம், முதல்முறை செய்த பிறகு | எளிது |
| மறைந்த செலவு | ஓட்டை, பிரிண்ட், நெளிவு | பிரேமின் வடிவம் மாறாது | ஒவ்வொரு போட்டோவுக்கும் நேரம் | கற்கும் காலம் |
| யாருக்கு | படமும் விற்பவர் | இனி எடுப்பவர் | பழைய போட்டோ வைத்திருப்பவர் | மாதிரி ஏற்கெனவே உள்ளவர் |

## எந்தப் படத்தை வைப்பது, எங்கே போடுவது

வழி எதுவானாலும் உள்ளே வைக்கும் படம் உங்களுடையதாக இருக்க வேண்டும், அல்லது உரிமை முடிந்ததாக இருக்க வேண்டும். இணையத்தில் அழகாகத் தெரிந்ததை எடுத்து வைத்தால் பிறகு வம்பு. இந்தியச் சட்டப்படி ஓர் ஓவியத்தின் உரிமை ஓவியர் இறந்து 60 ஆண்டுகள் வரை இருக்கும். ராஜா ரவி வர்மா இறந்தது 1906-இல், அதனால் அவர் ஓவியங்களுக்கு அந்தத் தடை இல்லை. யாரோ ஒருவர் மெருகேற்றி, நிறம் மாற்றி விற்கும் பிரதியை எடுக்காமல் பழைய மூலத்தின் படத்தை எடுங்கள்.

அதைவிட எளிது நீங்களே எடுத்த போட்டோ. மாத்தூர் தொட்டிப்பாலத்தின் தூண் வரிசை 4×2½ அடி குறுக்குப் பிரேமுக்காகவே அமைந்ததுபோல் இருக்கும். முட்டத்துப் பாறைகளும் காலை வேளைத் தோவாளைப் பூக்குவியலும் நன்றாக வரும். பத்மநாபபுரம் அரண்மனை நம் மாவட்டத்தில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. உள்ளே எடுத்ததை விற்பனைக்குப் பயன்படுத்தும் முன் அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். சாமி படம், மாதா படம், பள்ளிவாசல் படம் மூன்றையும் தவிர்க்கச் சொல்வேன். எல்லா மதத்தவரும் வாங்கும் ஊர் நம்முடையது. திவான் போட்டோவில் கால் நீட்டும் பக்கத்துச் சுவரில் சாமி படம் வந்துவிட்டால் வாங்க வந்தவர் மனம் நோகும்.

எங்கே போடுவது என்பதிலும் கவனம் வேண்டும். அமேசானில் பொருளின் முதல் போட்டோ சுத்த வெள்ளைப் பின்னணியில் இருக்க வேண்டும், விற்பனையில் சேராத எதுவும் அதில் இருக்கக் கூடாது. எனவே பிரேம் வைத்த அறைப் போட்டோ இரண்டாவது இடத்திலிருந்துதான். உங்கள் சொந்தத் தளத்திலும் வாட்ஸ்அப் கேட்டலாக்கிலும் முதலிலேயே போடலாம். எங்கே போட்டாலும் விவரத்தில் "சுவரில் உள்ள படம் விற்பனைக்கு அல்ல" என்று ஒரு வரி எழுதுங்கள். கூடவே சோபாவின் அகலம், ஆழம், உயரம் மூன்றையும் அங்குலத்தில் போடுங்கள். படத்தையும் விற்பதாக இருந்தால் அந்த வரிக்குப் பதில் அதன் அளவையும் விலையையும் எழுத வேண்டும். அப்போது போட்டோவில் தெரியும் பிரேம் அனுப்பப்போகும் அதே பிரேமாக இருக்க வேண்டும் என்பதால் முதல் வழியைத் தவிர வேறு எதுவும் பொருந்தாது.